வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி செய்ய ஆள் எடுப்பது எப்படி: கூலி, பிழைக் கணக்கு, பணம் தரும் தேதி

"வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி வேலை" என்ற வரியைப் பார்த்ததும் பாதிப்பேர் நகர்ந்துவிடுவார்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பதிவுக் கட்டணம் என்று ஆயிரம் இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு காணாமல் போவது பழைய வகை மோசடி. கட்டணமே வாங்காத வகை இன்னும் மோசமானது. ஒப்பந்தம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். படிக்கவே முடியாத படங்களை அனுப்பி, ஒரு வாரத்தில் முடிக்கச் சொல்வார்கள். முடித்துக் கொடுத்ததும் "உங்கள் துல்லியம் 98 சதவீதத்துக்குக் கீழே, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், இழப்பீடு கட்டுங்கள்" என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பி மிரட்டுவார்கள்.

ஆகவே நேர்மையாக ஆள் தேடுகிறவர் "கட்டணம் இல்லை" என்று போட்டால் மட்டும் போதாது. பிழையை யார், எப்படி எண்ணுவார்கள், பிழை இருந்தால் கூலிக்கு என்ன ஆகும் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் தரவேண்டும். ஏமாற்றுகிறவர்கள் ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான். நல்ல எண்ணத்தோடு தொடங்கிய வேலையும் சண்டையில் முடிவது பெரும்பாலும் அதே இடத்தில்தான்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். ஓர் ஊரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் நூலகம். 18,000 புத்தகங்கள், 14 கையெழுத்துப் பதிவேடுகள். முதல் 4 பதிவேடுகள் மிகப் பழையவை, மை மங்கியவை; அவற்றில் சுமார் 5,000 பதிவுகள். இத்தனையையும் மூன்று பேரை வைத்துக் கணினியில் ஏற்றவேண்டும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் எட்டுக் கட்டங்கள்: பதிவு எண், தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை, பகுப்பு எண். தனிமனிதரின் போன் எண்ணோ முகவரியோ எதுவும் இதில் இல்லை என்பதால் வீட்டுக்கு அனுப்ப ஏற்ற வேலை. நோயாளிக் குறிப்புகள், வங்கி விண்ணப்பங்கள் போன்றவை என்றால் வெளியே அனுப்பாமல் அலுவலகத்திலேயே வைத்து அடிப்பது நல்லது.

ஆள் தேடும் முன்: படங்கள்

பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் தட்டையாக விரித்து 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். போனில் எடுப்பதானால் பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து. தையல் ஓரம் வளைந்து நிற்கும் படத்தில் இடப்பக்க எண்கள் விழுங்கப்பட்டுவிடும். அங்கேதான் பதிவு எண் இருக்கும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது பதிவேட்டு எண்ணும் பக்க எண்ணும் தெரியும்படி வையுங்கள்: `R07_012.jpg` என்றால் 7-ஆம் பதிவேடு, 12-ஆம் பக்கம்.

பிறகு 200 பதிவுகள் கொண்ட கட்டுகளாகப் பிரித்து, கட்டுக்கு ஒரு கூகுள் டிரைவ் ஃபோல்டர் போடுங்கள். மொத்தம் 90 கட்டு வரும். 200 என்பது சும்மா வைத்த எண் இல்லை. இரண்டு நாளில் ஒருவர் முடிக்கக்கூடிய அளவு. தவறாகப் போனாலும் இரண்டு நாள் உழைப்போடு நின்றுவிடும். ஆயிரம் பதிவைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, முதல் பதிவிலேயே ஒரு விதியைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்ததைப் பத்து நாள் கழித்துக் கண்டுபிடித்தால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

விதித்தாள்: ஒரே பக்கம்

எப்படி அடிக்கவேண்டும் என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். பதிவேட்டுக்குத் தேவைப்படாத விதி எதுவும் வேண்டாம். இந்த வேலைக்கு உண்மையில் தேவைப்படுபவை ஐந்துதான்.

முதலாவது, உள்ளதை உள்ளபடி அடிப்பது. பதிவேட்டில் "சுப்ரமண்யம்" என்று இருந்தால் "சுப்பிரமணியம்" என்று திருத்தக்கூடாது. தமிழ் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இந்தத் தவறை அதிகம் செய்வார்கள். கை தானாகத் திருத்திவிடும். பெயர்களை ஒரே சீராக்கும் வேலையைப் பின்னால் நூலகர் ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்துகொள்ளலாம்.

இரண்டாவது, படிக்க முடியாத இடத்தில் ஊகிக்காமல் `??` என்று போடுவது. இதைப் பிழையாக எண்ணமாட்டோம், அந்தப் பதிவுக்கும் முழுக் கூலி உண்டு என்று அதே வரியில் எழுதுங்கள். அந்த உறுதி இல்லாவிட்டால் ஆள் பயந்து எதையாவது அடித்து வைப்பார். `??` இருந்தால் உங்களால் தேடிப் பிடிக்க முடியும். ஊகித்து அடித்த சொல்லைப் பிடிக்கவே முடியாது.

மூன்றாவது, மேற்படிக் குறிகள். பழைய பதிவேடுகளில் ஒரே பதிப்பகத்தின் புத்தகங்கள் வரிசையாக வந்தால் கீழே `"` என்றோ "மேற்படி" என்றோ, இன்னும் பழையதில் ௸ என்றோ போட்டிருப்பார்கள். மேலே உள்ள சொல்லை முழுதாக எடுத்து அடிக்கவேண்டும். குறியை அப்படியே அடித்துவிட்டால், பட்டியலை வேறு வரிசையில் அடுக்கிய கணத்திலேயே எது எதற்கு மேற்படி என்பது தெரியாமல் போய்விடும்.

நான்காவது, பழைய விலை. 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முந்தைய பதிவுகளில் விலை ரூபாய்-அணா-பைசா கணக்கில் `2-8-0` என்று இருக்கும். அதை 2.50 என்று மாற்றாமல் அப்படியே அடிக்கவேண்டும். இதில் ஒரு பொறி உண்டு: விரிதாள் இதைத் தேதி என்று எடுத்துக்கொண்டு வேறு எதையாவது காட்டக்கூடும். 894.810 போன்ற பகுப்பு எண்ணிலும் கடைசிச் சுழியம் காணாமல் போகும். அதனால் தலைப்பிலிருந்து பகுப்பு எண் வரை எல்லாப் பத்தியையும் முன்கூட்டியே வெற்று எழுத்து வடிவத்துக்கு மாற்றி வையுங்கள். கூகுள் ஷீட்டில் Format → Number → Plain text. பதிவு எண் பத்தியை மட்டும் எண்ணாகவே விடுங்கள். எல்லாம் அடித்து முடித்த பிறகு வடிவத்தை மாற்றினால் போனது திரும்பி வராது.

ஐந்தாவது, பதிவு எண்ணைக் கீழே இழுத்து நிரப்பக்கூடாது. ஒவ்வொன்றையும் பார்த்து அடிக்கவேண்டும். இதற்கான காரணம் கீழே வருகிறது.

கருவிகள்

ஆளிடம் இருக்கவேண்டியது கணினி அல்லது லேப்டாப், சுமாரான இணையம், யூனிகோடு தமிழ்த் தட்டச்சு. போனில் அடிக்கிறேன் என்பவர்களை எடுக்கவேண்டாம். படத்தையும் கட்டத்தையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாததால் வரி தாவுவது அங்கே மிக அதிகம்.

விசைப்பலகை எதுவாக இருந்தாலும் சரி. சிலருக்குத் தமிழ்99 பழக்கம். தட்டச்சுப் பயிலகத்தில் படித்து லோயர், ஹையர் தேறியவர்களுக்குப் பழைய தட்டச்சுப்பொறி அமைப்புத்தான் கையில் ஓடும். என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருளில் அதே அமைப்பில் யூனிகோடு வரும். டிடிபி கடைகளில் வேலை பார்த்தவர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுப்பார்கள். அவர்கள் கணினியில் தமிழாகத் தெரியும். உங்களுக்கு ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். கண்டுபிடிக்க எளிய வழி: இரண்டு வரி அடித்து வாட்ஸப்பில் ஒட்டி அனுப்பச் சொல்லுங்கள். தமிழாக வந்தால் யூனிகோடு.

நீங்கள் தரவேண்டியது, ஆளுக்குத் தனியாக ஒரு கூகுள் ஷீட். மூன்று பேரும் ஒரே ஷீட்டில் அடித்தால் யார் எதை அழித்தார் என்று பஞ்சாயத்து வைக்கத்தான் நேரம் சரியாக இருக்கும். தலைப்பு வரிசையைப் பூட்டி வையுங்கள். எட்டுக் கட்டங்களோடு ஒன்பதாவதாகப் படத்தின் பெயருக்கும் ஒரு பத்தி வேண்டும். படங்களைப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

பிறகு ஷீட்டிலேயே சில தானியங்கிச் சோதனைகள். பதிவு எண் A பத்தியிலும் தலைப்பு B பத்தியிலும் இருந்தால்:

```
=COUNTIF($A$2:$A,A2)>1
=IF(A3="",1,A3-A2)<>1
=REGEXMATCH(B2,"[A-Za-z௦-௯]")
=REGEXMATCH(B2,UNICHAR(3014)&UNICHAR(3006))
```

முதலாவது, ஒரே எண் இரண்டு முறை வந்ததைக் காட்டும். இரண்டாவது, எண் விட்டுப்போனதைக் காட்டும். மூன்றாவது, தமிழ்த் தலைப்புக்குள் ஆங்கில எழுத்தோ தமிழ் எண்ணோ புகுந்ததைக் காட்டும். எ என்று நினைத்து 7-ஐக் குறிக்கும் ௭ விழுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, தேடும்போதுதான் புத்தகம் கிடைக்காது. நான்காவது, "கொ" என்பதை ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு துண்டாக அடித்ததைக் காட்டும். இவற்றை நிபந்தனை வடிவமைப்பில் போட்டால் தவறான கட்டம் அடிக்கும்போதே நிறம் மாறும். ஆள் தானே திருத்திக்கொள்வார்.

சூத்திரத்துக்குச் சிக்காத பிழையும் உண்டு. "மௌனம்" என்பதை "மெளனம்" என்று ள போட்டு அடிப்பது அதில் ஒன்று. இதைத் தேட ஒரு சோதனை வைத்தால் வெள்ளி, வெள்ளை, தெளிவு எல்லாம் சேர்ந்து மாட்டும். கண்ணால்தான் பார்க்கவேண்டும்.

சோதனைக் கட்டு, அதிலிருந்து கூலி

எட்டுப் பேர் விண்ணப்பித்தால் யூனிகோடு சோதனையில் தேறிய ஐந்து பேருக்கு 50 பதிவுகள் கொண்ட ஒரே சோதனைக் கட்டைக் கொடுங்கள். பாதி தெளிவான கையெழுத்து, பாதி கடினமானது. இதற்கும் கூலி உண்டு: பதிவுக்கு ₹2.50 வீதம் ஆளுக்கு ₹125. "சோதனை வேலை இலவசம்" என்று கேட்டால் நல்ல ஆட்கள் வரமாட்டார்கள். மோசடிக்காரர்களும் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.

இந்த 50 பதிவுக்கும் சரியான விடையை நீங்கள் முன்பே தயார் செய்திருக்கவேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக அடித்து, இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களை மட்டும் பதிவேட்டில் பார்த்து முடிவு செய்தால் நம்பகமான விடைத்தாள் கிடைக்கும்.

தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். பிழை குறைவாக இருக்கும் மூன்று பேர் 70, 80, 95 நிமிடத்தில் முடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் உள்ளவரை எடுங்கள்: 80 நிமிடத்தில் 50 என்றால் மணிக்கு 37 அல்லது 38 பதிவு. ஒரு மணி உழைப்புக்கு ₹90-க்குக் குறையக்கூடாது என்று நீங்கள் முடிவு செய்திருந்தால் பதிவுக்கு ₹2.40 வரும். விளம்பரத்தில் போட்ட ₹2.50 அதற்குக் குறையவில்லை, அதையே வையுங்கள். மிக வேகமானவரை வைத்துக் கணக்கிட்டால் மற்ற இருவரும் இரண்டாவது வாரத்தில் நின்றுவிடுவார்கள்.

மங்கிய நான்கு பதிவேடுகளுக்கு அதே கூலி நியாயமில்லை. கண்ணைக் கசக்கிப் படிக்கும் நேரத்துக்காகப் பதிவுக்கு ₹3.50. ஒரே விலை வைத்தால் எல்லோரும் சுலபமான கட்டைக் கேட்பார்கள், கடினமான கட்டில் அவசரப்படுவார்கள்.

மொத்தச் செலவு: 13,000 பதிவுக்கு ₹32,500, பழைய 5,000 பதிவுக்கு ₹17,500, சோதனைக் கட்டுக்கு ₹625. இதோடு ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 3,600 பதிவுகளைச் சரிபார்க்க ஒருவருக்குப் பதிவுக்கு ₹1 வீதம் ₹3,600. ஆக ₹54,225. சரிபார்ப்புச் செலவைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பிறகு சரிபார்க்க ஆளில்லாமல் கட்டுகள் தேங்கி, அடித்தவருக்குப் பணம் தள்ளிப்போகும். மூன்று பேர் தினம் மூன்று மணி நேரம் அடித்தால் தட்டச்சு மட்டுமே 53 நாள். விடுப்பு, திருத்தம் எல்லாம் சேர்த்து இரண்டரை மாதம் என்று திட்டமிடுங்கள்.

துல்லியத்தை எண்ணும் முறை

"99 சதவீதம் துல்லியம்" என்று மட்டும் எழுதினால் அதற்குப் பொருளே இல்லை. எதில் 99? எழுத்திலா, கட்டத்திலா, பதிவிலா? ஒரு பதிவில் நூறு எழுத்து இருந்தால், எழுத்துக்கு 99 சதவீதம் என்பது சராசரியாகப் பதிவுக்கு ஒரு பிழை. அதையே பதிவுக் கணக்கில் எண்ணினால் பாதிகூடத் தேறாமல் போகலாம். மோசடி ஒப்பந்தங்கள் விளையாடுவது இந்த மங்கலில்தான்.

கட்டத்தை அலகாக வையுங்கள். ஒரு கட்டத்தில் எத்தனை எழுத்து தவறினாலும் ஒரு பிழை. 200 பதிவுக் கட்டு வந்ததும் அதில் 40 பதிவைக் குலுக்கல் முறையில் எடுத்துப் படத்தோடு ஒப்பிடுங்கள். முதல் 40-ஐ எடுக்கக்கூடாது. எல்லோரும் தொடக்கத்தில் கவனமாகத்தான் அடிப்பார்கள். எட்டுக் கட்டத்தில் நான்கு எண் கட்டங்கள்: பதிவு எண், ஆண்டு, பக்கம், விலை. மற்ற நான்கையும் எழுத்துக் கட்டங்களாக எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் 160 எண் கட்டம், 160 எழுத்துக் கட்டம் பார்க்கிறீர்கள். எண்ணில் 1 பிழை வரை, எழுத்தில் 3 பிழை வரை ஏற்பு. அதற்கு மேல் போனால் பிழைகளின் பட்டியலோடு கட்டு திரும்பும். எண்ணுக்குக் கடுமையாக இருப்பது ஏன் என்றால், தலைப்பில் ஒரு ஒற்று விட்டுப்போனாலும் புத்தகத்தை அடையாளம் காணலாம். பதிவு எண் மாறினால் வேறு புத்தகமே வந்துவிடும்.

பட்டியல் என்றால் வரிசை எண், படத்தின் பெயர், அடித்தது, இருக்கவேண்டியது. "நிறையத் தவறு, மறுபடி பாருங்கள்" என்று சொல்லி அனுப்புவது பட்டியல் ஆகாது. காட்ட முடியாத பிழையை எண்ணக்கூடாது.

மாதிரிச் சோதனை கோட்டைவிடும் ஒரு தவறுக்குத் தனியாக ஒரு சோதனை வேண்டும். அதற்காகத்தான் அந்த ஐந்தாவது விதி. பதிவு எண்ணை இழுத்து நிரப்பிய ஒருவர் நடுவில் ஒரு வரியைத் தாவிவிட்டால், அதற்குக் கீழே உள்ள எல்லாப் புத்தகமும் ஒரு எண் மேலே நகர்ந்துவிடும். எண் வரிசை அழகாக 1, 2, 3 என்று போவதால் சூத்திரங்கள் எதுவும் நிறம் மாறாது. ஒவ்வொரு படத்தின் கடைசி வரியையும் ஷீட்டில் அதே படப் பெயரின் கடைசி வரியோடு பொருத்திப் பாருங்கள். ஒரு கட்டுக்கு எட்டோ பத்தோ பக்கம்தான். ஐந்து நிமிட வேலை.

பணம் தரும் முறை

மாதம் இரண்டு தவணை. 1 முதல் 15 வரை கொடுத்த கட்டுகளுக்கு 20-ஆம் தேதி. 16 முதல் மாதக் கடைசி வரை கொடுத்தவற்றுக்கு அடுத்த மாதம் 5-ஆம் தேதி. கட்டு வந்து மூன்று நாளுக்குள் சரிபார்ப்பு முடியவேண்டும். முடியாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. இந்தக் கடைசி வரி உங்கள் கையைக் கட்டுவதுதான். அது இல்லாவிட்டால் தேதிக்கு மதிப்பில்லை.

ஒருவர் முதல் 15 நாளில் ஏழு கட்டு கொடுக்கிறார்: ஐந்து சாதாரணம், இரண்டு பழையது. சாதாரணக் கட்டில் ஒன்று எழுத்தில் 5 பிழையோடு திரும்புகிறது. 20-ஆம் தேதி நான்கு சாதாரணக் கட்டுக்கு ₹2,000, இரண்டு பழைய கட்டுக்கு ₹1,400, ஆக ₹3,400 யுபிஐ வழியாகப் போகும். திருப்பிய கட்டைத் திருத்திக் கொடுத்து அது தேறியதும் அதற்குரிய ₹500 முழுதாக 5-ஆம் தேதித் தவணையில் சேரும். பிடித்தம், அபராதம் எதுவும் கிடையாது. திருத்தும் நேரத்துக்குக் கூடுதல் கூலி இல்லை என்பதே அவருக்குப் போதுமான கண்டிப்பு.

தொடர்ந்து இரண்டு கட்டு திரும்பினால் புதுக் கட்டு கொடுப்பதை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு விதி புரியாமல் இருக்கும். அதற்குப் பிறகும் சரிவராவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம்; அதுவரை தேறிய கட்டுகளுக்கான பணம் அடுத்த தவணையிலேயே போய்விடவேண்டும். திடீரென்று வேகம் இரட்டிப்பாகி, பிழையின் வகையும் மாறினால், வேலை வேறு கைக்குப் போயிருக்க வாய்ப்புண்டு. நேராகக் கேட்டுவிடுங்கள்.

அறக்கட்டளையோ நிறுவனமோ ஒப்பந்த வேலைக்குப் பணம் தரும்போது, ஒரே தொகை ₹30,000-ஐயோ ஆண்டு மொத்தம் ₹1,00,000-ஐயோ தாண்டினால்தான் டிடிஎஸ் பிடிக்கும் கேள்வி வரும். இங்கே ஆளுக்கு ₹17,000 அளவில் முடிவதால் பான் எண் கேட்கவேண்டிய தேவையே இல்லை. ஆதார் நகலையும் கேட்காதீர்கள். பெயர், போன் எண், யுபிஐ முகவரி போதும்.

விளம்பரம்

விதித்தாள், உத்தேசக் கூலி, பணம் தரும் தேதி எல்லாம் முடிவான பிறகுதான் விளம்பரம்; சோதனைக் கட்டு அதற்குப் பிறகு. தட்டச்சுப் பயிலகங்கள், நூலக அறிவியல் படிக்கும் மாணவர்கள், உள்ளூர் வாட்ஸப் குழுக்கள் போதும். இப்படி எழுதலாம்:

> நூலகப் பதிவேட்டைத் தமிழில் கணினியில் ஏற்ற 3 பேர் தேவை. வீட்டிலிருந்தே செய்யலாம். கணினியும் யூனிகோடு தட்டச்சும் அவசியம். மொத்தம் 18,000 பதிவு, இரண்டரை மாதம், தினம் சுமார் 3 மணி நேரம். பதிவுக்கு ₹2.50, மங்கிய பதிவேட்டுக்கு ₹3.50. தேர்வு பெறுவோருக்கு 50 பதிவு சோதனை, அதற்கும் ₹125 உண்டு. 40 பதிவு மாதிரியில் எண் பிழை 1, எழுத்துப் பிழை 3 வரை ஏற்கப்படும். மிஞ்சினால் பட்டியலோடு திருத்தத்துக்கு வரும், அபராதம் இல்லை. பணம் 5, 20 தேதிகளில் யுபிஐ வழி. பதிவு, பயிற்சி, மென்பொருள், முன்பணம் என எந்தக் கட்டணமும் இல்லை. எங்கள் பெயரில் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 1930-இல் புகார் செய்யுங்கள்.

கடைசி வரி அலங்காரத்துக்கு இல்லை. உண்மையான விளம்பரத்தை நகலெடுத்து, போன் எண்ணை மட்டும் மாற்றிக் கட்டணம் வாங்குகிறவர்கள் உண்டு. 1930 என்பது இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். விளம்பரத்தில் நூலகத்தின் பெயரையும் நேரில் வந்து கேட்கக்கூடிய நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

முடிக்கும்போது

90 கட்டும் தேறிய பிறகு மூன்று ஷீட்டையும் ஒன்றாக்கி, எண் இரட்டிப்புச் சோதனையை மொத்தப் பட்டியலிலும் ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டு பேர் ஒரே பக்கத்தை அடித்திருந்தால் இங்கேதான் தெரியும். அப்படி இருந்தால் இருவருக்கும் கூலி உண்டு, பிரித்துக் கொடுத்தவர் செய்த தவறு அது. `??` உள்ள வரிகளைத் தனியாகப் பிரித்து, நூலகர் மூலப் பதிவேட்டோடும் அலமாரியில் உள்ள புத்தகத்தோடும் பார்த்து நிரப்பட்டும். கோப்பை சிஎஸ்வி ஆக இறக்கி எக்செலில் நேராகத் திறந்தால் தமிழ் உடைந்து தெரியலாம். Data → From Text/CSV வழியாக எடுத்து UTF-8 என்றும், பழைய விலையும் பகுப்பு எண்ணும் மாறாமலிருக்க Do not detect data types என்றும் தேர்ந்தெடுத்தால் சரியாக வரும். கடைசித் தவணை போய்ச் சேர்ந்ததை உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு டிரைவ் அனுமதியை எடுத்துவிடுங்கள். பணம் தருவதற்கு முன்பே அனுமதியை எடுத்தால், அவரவர் எத்தனை கட்டு கொடுத்தோம் என்று எண்ணிப் பார்க்கக்கூட வழியில்லாமல் போகும்.